இடப்பக்கம் வாசித்தது, வலப்பக்கம் கேட்டது

வடமதுரையிலிருந்து திண்டுக்கல் கல்லூரிக்குப் போகும் பி.காம் மாணவி ஒருத்தி டோஃபல் தேர்வுக்குத் தயாரானாள். 2026 ஜனவரியில் மாறும்வரை அதில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: 3 நிமிடம் பத்தியை வாசிக்க வேண்டும், சுமார் 2 நிமிட விரிவுரையைக் கேட்க வேண்டும், பிறகு 20 நிமிடத்தில் எழுத வேண்டும்.

எழுதும்போது பத்தி திரையில் மறுபடி வரும், விரிவுரை வராது. அவளோ பத்தியைத் தாள் நிறைய எழுதினாள். விரிவுரையின் முதல் வாக்கியத்தை முழுசாக எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது காரணம் போயே போய்விட்டது.

அடுத்த பயிற்சியில் தாளை நடுவில் மடித்தாள். இடப்பக்கம் பத்தியின் மூன்று காரணங்கள், வலப்பக்கம் அவற்றுக்கு விரிவுரையாளரின் மறுப்பு. 'இலவச டெலிவரி, விற்பனை கூடும்' என்பதற்கு எதிரே 'சரக்கு திரும்பும், செலவு'. தமிழில்தான், குறிப்புக்கு மதிப்பெண் கிடையாதே! வலப்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தால், தவறவிட்டது எதுவென்று அப்போதே தெரிந்துவிடும்.