கடாயில் தீப்பிடித்தால்... போர்வையை எப்போது எடுப்பது?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. திருவள்ளூர் மாவட்டம், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த வீட்டுக்கு இரண்டு ஏக்கர் நெல்லும் கொஞ்சம் மணிலாவும் உண்டு. பெரியவர் நிலத்தைப் பார்க்கிறார். மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான், ஒரு கால் வயலிலும் ஒரு கால் சிப்காட்டிலும்.

அன்று சாயங்காலம் மருமகள் இரும்புக் கடாயில் எண்ணெய் வைத்து முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று வெளியிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பெரியவர் வீட்டில் இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அடுப்பை அணைக்காமல் மருமகள் ஓடினார். போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். அதற்குள் கடாயிலிருந்து முதலில் மெல்லிய புகையும், பிறகு கண்ணை எரிக்கும் அடர்ந்த புகையும் எழுந்தன. கடைசியில் எண்ணெய் மேல் முழுக்கத் தீ நின்றது.

எண்ணெய் தீப்பிடிக்க, அடுப்புத் தீ அதைத் தொட வேண்டும் என்பதில்லை. சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். புகைதான் அதற்கு முந்தைய எச்சரிக்கை. எண்ணெய் புகைவதைப் பார்த்தவுடன் அடுப்பை அணைத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

மாமியார் கையில் கிடைத்தது தண்ணீர்க் குடம். இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன், "அம்மா, தண்ணி வேணாம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் தடுத்தது சரி. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, ஊற்றியதும் அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேல் விரியும். அப்படி விரியும் ஆவி எரிகிற எண்ணெயைக் கூரைவரை வீசியடிக்கும். ஒரு சொம்புத் தண்ணீரே போதும், கடாயில் இருந்த தீ சமையலறை முழுக்கப் பரவிவிடும். நீர் சொட்டும் சாக்கைப் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு.

ஆலையில் கொடுத்த தீத்தடுப்புப் பயிற்சிக்குப் பிறகு, மகன் ஒரு ஃபயர் பிளாங்கெட் வாங்கிச் சமையலறை வாசல் ஓரம் மாட்டியிருந்தார். கண்ணாடி இழையில் நெய்த, ஒரு மீட்டர் சதுரமுள்ள துணி அது. அதை அடுப்புக்கு மேல் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதனால் வாசல் ஓரமே சரியான இடம். பையிலிருந்து தொங்கும் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கீழே இழுத்தால் துணி வெளியே வந்துவிடும்.

அதன் மேல் விளிம்பை உள்பக்கமாக இரண்டு கையிலும் சுருட்டிக்கொண்டார். இப்படிச் செய்தால் விரல்கள் துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும். துணியை மார்புக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு போனார். பக்கவாட்டில் கை எட்டியதால் முதலில் அடுப்புக் குமிழைத் திருகி அணைத்தார். கை எட்டவில்லையென்றால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடலாம். அதுவும் முடியாதபோது முதலில் கடாயை மூடிவிட்டு, பிறகு அடுப்பை அணைக்க வேண்டும்.

போர்வையை அவர் வீசவில்லை. வீசினால் எண்ணெய் சிதறும். தன் பக்கத்து விளிம்பைக் கடாயின் இந்தப் பக்கத்தில் வைத்து, மீதியை அந்தப் பக்கமாகத் தன்னைவிட்டு விலக்கிச் சாய்த்தார். கடாயின் காதுகள் இருக்கும் இடத்தில் இடைவெளி விழாமல் ஓரங்களைத் தாழ்த்திவிட்டார். காற்று உள்ளே போகவில்லை. சில நொடிகளில் தீ அடங்கியது.

தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. வயலிலிருந்து திரும்பிய பெரியவர், ஐந்து நிமிடம் ஆகிவிட்டதே என்று, "அணைஞ்சிடுச்சாடா?" எனக் கேட்டுக்கொண்டே ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். குப்பென்று தீ மீண்டும் எழுந்தது.

போர்வை தீயை மூச்சடைக்க வைக்கிறதே தவிர, எண்ணெயைக் குளிர்விப்பதில்லை. உள்ளே எண்ணெய் இன்னும் பற்றும் சூட்டிலேயே இருக்கிறது. கனமான இரும்புக் கடாய் அந்தச் சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் அதற்குக் குறைவாக இருந்த ஒரே பொருளான காற்றையும் நாமே கொடுத்தது போலாகிவிடும். அதனால் அடுப்பை அணைத்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அதைத் தொடக் கூடாது. கடாய் நிறைய எண்ணெய் இருந்தால் ஒரு மணி நேரம்கூட விடலாம். கடாயின் வெளிப்பக்கம் கை வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். எரிகிற கடாயையோ மூடிய கடாயையோ வெளியே தூக்கிக்கொண்டு போகவே கூடாது.

பெரியவர் பதறிப்போய் மூலையை விட்டுவிட்டார். நல்லவேளையாகப் போர்வை மறுபடியும் கடாய் மேலேயே விழுந்தது. ஆனால் அவரைப் பின்னால் இழுக்கப் போன மாமியாரின் முந்தானையில் தீ தொற்றிக்கொண்டது. அது செயற்கை இழைப் புடவை. அவர் வாசலை நோக்கி ஓடப் பார்த்தார். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்றாலும் தீ மேல்நோக்கித்தான் ஏறும், மார்பையும் முகத்தையும் தாக்கும்.

தீப்போர்வை கடாய் மேல் இருக்கிறது. அதை எடுக்க முடியாது. கட்டில் மேல் இரண்டு துணிகள் கிடந்தன. ஒன்று, கடையில் கம்பளி என்று விற்கிற பளபளப்பான மெத்தென்ற போர்வை. இன்னொன்று பழைய பருத்தி ஜமுக்காளம். மகன் ஜமுக்காளத்தை இழுத்தார். அந்தத் தேர்வுதான் அம்மாவைக் காப்பாற்றியது. மெத்தென்ற போர்வை பெரும்பாலும் பாலியஸ்டர். அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அம்மாவைத் தரையில் படுக்கவைத்தார். ஜமுக்காளத்தைக் கழுத்துப் பக்கம் முதலில் வைத்துக் கால் பக்கமாக விரித்து, உடம்போடு ஒட்டி அழுத்தினார். இப்படிச் செய்தால் தீ முகத்தைவிட்டு விலகிக் கீழே தள்ளப்படும். மாற்றிச் செய்தால் தீயும் புகையும் முகத்துக்கு வரும். மூக்கும் வாயும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். துணியால் விசிறி அடிக்கக் கூடாது, அது காற்று கொடுக்கும் வேலை. போர்வை எதுவுமே கிடைக்காவிட்டால், கைகளால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உருள வேண்டும்.

தீ அணைந்தவுடன் ஜமுக்காளத்தை எடுத்துவிட்டார். கடாயை மூடியே வைக்க வேண்டும், ஆளை மூடியே வைக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. உடம்பைச் சுற்றிய துணி உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது, காயம் ஆழமாகிக்கொண்டே போகும்.

இடது முன்கையில் உள்ளங்கையைவிடப் பெரிய காயம். மருமகள் அத்தையின் வளையல்களை உடனே கழற்றினார். வீங்கிய பிறகு அவை கழலாது. தோலோடு ஒட்டியிருந்த துணியைப் பிய்க்காமல் அப்படியே விட்டார்கள். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் கைமேல் ஓடவிட்டார்கள். ஐஸ் வைக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பேஸ்டும் இங்க்கும் வந்தன. இரண்டையும் தடவவில்லை. அவை சூட்டை உள்ளேயே அடைக்கும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் முடியாது. துவைத்த வெள்ளை வேட்டியைத் தளர்வாகச் சுற்றி, 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடக் காயம் பெரிதாக இருந்தாலும், முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது. இன்னும் பெரிய காயம் என்றால் இந்தப் பகுதியிலிருந்து சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

தீப்போர்வை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014-ல் நெதர்லாந்து அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு அமைப்பு, கடைகளில் விற்ற போர்வைகளை எரிகிற சமையல் எண்ணெய் மேல் போட்டுச் சோதித்தது. அவற்றில் பலவற்றில் எண்ணெய்த் தீ துணியைத் தாண்டி வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் EN 1869 என்ற தர விதி 2019-ல் திருத்தப்பட்டது. போர்வைப் பெட்டியில் அந்த எண்ணும் ஆண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட எளிய வழி, கடாயைவிடப் பெரிய ஒரு உலோக மூடி. அது அடுப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும். பக்கவாட்டில் தள்ளி மூடினால் எண்ணெய்த் தீக்கு அதுவே முதல் மருந்து. கண்ணாடி மூடி சூட்டில் உடைந்துவிடும்.

சிப்காட் பக்கத்து வீடுகளில் ஆலையில் கழித்துப்போட்ட வெல்டிங் போர்வையைக் கொண்டுவந்து வைப்பதும் உண்டு. அது தீப்பொறியைத் தடுக்கச் செய்தது. பொறி பட்டுப் பட்டு அதில் ஊசி ஓட்டைகள் விழுந்திருக்கும், கிரீஸும் ஊறியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் அது வேண்டாம்.

ஆளைச் சுற்ற வீட்டில் இருக்கிற போர்வை எதனால் ஆனது என்றும் இன்றே தெரிந்துகொள்ளலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வெளியே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நொறுங்கும். சொட்டாக உருகிக் கெட்டியான மணியாக இறுகினால் அது பாலியஸ்டர், அந்தப் போர்வையைத் தீ விஷயத்துக்கு எடுக்காதீர்கள்.

ஒரு கடாய், ஒரு ஆளின் உடை, இவ்வளவுதான் போர்வையின் எல்லை. சிலிண்டர் குழாயில் தீ, கூரையில் தீ, வைக்கோல் போரில் தீ என்றால் எல்லோரும் வெளியே வந்துவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும். எரியாமல் வாசனை மட்டும் வந்தால், அதாவது கேஸ் கசிவு என்றால், வீட்டைவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கை ஆற ஆறு வாரம் ஆனது. எண்ணெய் ஊறிய பழைய போர்வையைத் துவைத்து மாட்டாமல் எறிந்துவிட்டு, மகன் புதிதாக ஒன்று வாங்கினார். இப்போது அந்த வீட்டில் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று குரல் கேட்டால், மோட்டாருக்கு ஓடுவதற்கு முன்னால் மருமகளின் கை அடுப்புக் குமிழுக்குப் போகிறது.