பாதி வழியில் தொலைந்த வோல்ட்

சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டிக்கான விளக்கு, ஹாரன், கண்ணாடி விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே வாங்கிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாட்டித் தர ஆள் தேடுபவர்கள் பக்கத்துச் சந்துகளுக்குள் நுழைகிறார்கள். அப்படியொரு சந்தில், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு ஸ்டூலும் ஒரு மர அலமாரியும்தான் கடை. டூவீலர் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரும், அவரிடம் தொழில் கற்கும் பையன் ஒருவனும் அங்கே உண்டு. அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அன்று வந்த முதல் வண்டி 350 சிசி. ஓட்டி வந்த இளைஞர் கையில் இரண்டு 100 வாட்ஸ் பல்புகள் இருந்தன. முன்பக்கம் ஏற்கெனவே இரண்டு ஃபாக் லைட் மாட்டியிருந்தார், ஒவ்வொன்றிலும் 55 வாட்ஸ் ஹாலஜன் பல்பு. “வெளிச்சம் பத்தலைண்ணா. ராத்திரி ஹைவேஸ்ல ஒண்ணுமே தெரியல. இதைப் போட்டுக் கொடுத்துடுங்க” என்றார்.

எலக்ட்ரீஷியன் பல்பை வாங்கவே இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். 15 ஆம்பியர் என்று மூடியில் அச்சிட்டிருந்த இடத்தில் பச்சை நிற ஃபியூஸ் உட்கார்ந்திருந்தது. வண்டிகளில் வரும் பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லிவிடும். நீலம் 15, பச்சை 30. “இதை யார் தம்பி மாத்துனது?” என்று கேட்டார். ஃபாக் லைட் மாட்டியதிலிருந்து ஃபியூஸ் அடிக்கடி போனதாகவும், வேறொரு கடையில் ‘பெரிய ஃபியூஸ்’ போட்டதும் பிரச்சினை தீர்ந்ததாகவும் பதில் வந்தது.

பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியிருந்தது. ஹெட்லைட் டூமைக் கழற்றியதும் அது கண்ணுக்கே தெரிந்தது. ஹைபீம் வயரின் தோலைச் சீவி, ஃபாக் லைட் வயரை அதன்மேல் முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இளகிப் பிசுபிசுத்தது. அதற்குள்ளே வயரின் மேலுறை காய்ந்து, பழுப்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது. ஹெட்லைட்டின் ஹைபீமுக்கு 60 வாட்ஸ், அதாவது ஏறக்குறைய 5 ஆம்பியர். கம்பெனி அந்த வயரையும் கைப்பிடி ஸ்விட்சையும் அந்த அளவுக்குத்தான் கணக்குப் பண்ணியிருக்கும். ஃபாக் லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட்ஸ், இன்னொரு 9 ஆம்பியர். மொத்தம் 14 ஆம்பியர் அந்த ஒற்றை மெல்லிய வயரில் போயிருக்கிறது. மெயின் ஃபியூஸ் வழியாக வண்டியின் மற்ற மின்வேலைகளும் நடப்பதால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போனதில் வியப்பில்லை. அது எச்சரித்தது. எச்சரித்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, வயர் எரிந்தாலும் எரியாத ஒன்றை வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் பையனை அழைத்தார். “ஃபியூஸு லைட்டைக் காப்பாத்தவாடா, வயரைக் காப்பாத்தவா?” பையன் யோசிக்காமல் “வயரைண்ணா” என்றான். பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். பல்பு எத்தனை ஆம்பியர் கேட்டாலும், ஃபியூஸின் அளவு அதற்குப் பின்னால் ஓடும் வயரின் தாங்குதிறனைத் தாண்டக்கூடாது. போதாதென்றால் முதலில் வயரை மாற்ற வேண்டும், பிறகுதான் ஃபியூஸை.

அடுத்து மல்டிமீட்டர் வந்தது. என்ஜினை ஓடவிடாமல், ஃபாக் லைட்டை எரியவிட்டுப் பேட்டரி முனையில் அளந்தார். 12.6 வோல்ட். அதே நேரத்தில் ஃபாக் லைட்டின் இரு முனைகளிலும் அளந்தால் 10.4தான் இருந்தது. 2.2 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. தொலைந்தது எங்கே போகும்? சூடாகத்தான். ஸ்விட்சிலும் முறுக்கிய இணைப்பிலும் வயரிலுமாகச் சேர்ந்து இருபது வாட்ஸுக்குக் குறையாத வெப்பம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 10.4 வோல்ட்டில் அது தர வேண்டிய ஒளியில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஆக, பல்பில் குறையில்லை. 100 வாட்ஸ் பல்பு போட்டிருந்தால் இழுக்கும் கரண்ட் கூடி, வழியில் தொலைவதும் கூடி, ஸ்விட்ச் உருகியிருக்கும்.

இளைஞர் பல்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே ரோட்டில் தலா 20 வாட்ஸ் எல்.இ.டி. ஃபாக் லைட் ஒரு ஜோடி வாங்கி வந்தார். வேலை தொடங்கியது.

ரிலே என்பது கரண்டால் இயங்கும் ஸ்விட்ச். அதன் அடியில் 85, 86, 30, 87 என்று எண்கள் பொறித்த நான்கு கால்கள் இருக்கும். 85க்கும் 86க்கும் நடுவே உள்ளே ஒரு கம்பிச் சுருள். அதில் சிறிய கரண்ட் பாய்ந்ததும் காந்தமாகி, 30ஐயும் 87ஐயும் ‘டிக்’ என்று ஒட்டவைக்கும். பெரிய கரண்ட் அந்த இரண்டு கால்கள் வழியாக மட்டுமே போகும். சுருளுக்குத் தேவை சுமார் 0.15 ஆம்பியர்தான். ஆகவே வண்டியின் பழைய வயரிங்கிலிருந்து எடுப்பது அந்த 0.15 மட்டும், விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து புது வயரில் நேராக வரும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் லக் வைத்து ஒரு சதுர மி.மீ. வயரைப் பிடித்தார். ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் ஹோல்டர். அங்கிருந்து ரிலேயின் 30. 87இலிருந்து விளக்குகளுக்கு. விளக்குகளின் நெகட்டிவ் வயர்களைச் சேஸிஸில் ஏதோ ஒரு போல்ட்டில் முறுக்காமல், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுவந்தார். பெயின்ட் படிந்த போல்ட்டில் எர்த் கொடுத்தால் அங்கேயும் வோல்ட் தொலையும். 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பார்க் லைட் வயரிலிருந்து, கைப்பிடியில் வைத்த சிறிய ஸ்விட்ச் வழியாக ஓர் இணைப்பு. 85 எர்த்துக்கு.

ஃபியூஸ் ஏன் பேட்டரிக்கு அவ்வளவு பக்கத்தில்? பையன்தான் விளக்கினான். வயர் டேங்குக்கு அடியில் உராய்ந்து தோல் கிழிந்து ஃபிரேமில் பட்டால், ஃபியூஸுக்குப் பின்னால் எங்கே பட்டாலும் ஃபியூஸ் போய்விடும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே பட்டால் தடுக்க எதுவுமில்லை. அந்த நடுத்துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஓடும் வயர் என்பதை நினைத்துக்கொண்டால் இது சின்ன விஷயமில்லை என்று தெரியும்.

40 வாட்ஸ் விளக்குக்கு, வண்டி ஓடும்போது இருக்கும் பதின்மூன்றரை வோல்ட்டில் 3 ஆம்பியர் ஆகிறது. அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டார், இளம் பழுப்பு நிறம். மெயின் ஃபியூஸ் இடத்துக்குப் பழையபடி நீலம் 15 திரும்பியது. உதிர்ந்துபோன ஹைபீம் வயரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத்துண்டு வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். இணைப்பு வேலையில் அவர் கருப்பு டேப்பைத் தொடுவதேயில்லை.

ரிலே பொட்டலத்தைப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னார். சுருளில் கரண்ட் அறும் கணத்தில் ஒரு பெரிய வோல்டேஜ் எதிர்த்திசையில் உதைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எரிபொருளை இ.சி.யு. கட்டுப்படுத்துவதால், அந்த உதையை உள்ளேயே அடக்கும் டையோடு வைத்த ரிலேதான் பாதுகாப்பு. ஆனால் டையோடு இருந்தால் 85, 86ஐ மாற்றிக் கொடுக்கக்கூடாது. 86 பாசிட்டிவ், 85 எர்த். ரிலேயின் மேலேயே படம் இருக்கும். பழைய கம்யூட்டர் வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரி கரண்ட் அல்ல, மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும் ஏ.சி. கரண்ட். அந்த வயரில் ரிலேயை இணைத்தால் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் முடிந்ததும் இளைஞர் கேட்டார். “ரிலே போட்டாச்சுல்ல, இன்னும் ரெண்டு லைட் சேர்த்துக்கலாமாண்ணா?”

“ரிலே என்ன கரண்டு செய்யுதா? சம்பளம் ஏறாம வீட்டுல ஆளு ஏறின மாதிரி ஆயிடும்” என்று சிரித்தார் எலக்ட்ரீஷியன். ரிலே வயரையும் ஸ்விட்சையும் காப்பாற்றும், பேட்டரியைக் காப்பாற்றாது. ஆல்டர்னேட்டர் தருவதைவிட அதிகம் இழுத்தால், மீதியைப் பேட்டரி தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடிக்க அவர் வாட்ஸ் கணக்குப் போடுவதில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹைபீம், ஃபாக் லைட் எல்லாவற்றையும் எரியவிட்டு, பிரேக்கையும் அழுத்தச் சொல்லிப் பேட்டரி முனையில் அளக்கிறார். இந்த வண்டியில் ஐட்லிங்கில் 12.9, கொஞ்சம் ரேஸ் செய்ததும் 13.9. போதும். ரேஸ் செய்தும் 12.8க்கு மேலே ஏறவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஏதாவது ஒரு விளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் வந்தவர் உணவு டெலிவரி செய்பவர். ஸ்கூட்டரில் செல்போன் சார்ஜர் வேண்டும். போன் அணைந்தால் ஆர்டர் போய்விடும். முன்பு யாரோ சார்ஜரை நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் செல்ஃப் எடுப்பதில்லை. சார்ஜரின் முகப்பில் வோல்ட் காட்டும் சிவப்பு எண்கள் வண்டி நிற்கும்போதும் எரிந்துகொண்டிருந்தன. மீட்டரைத் தொடராக வைத்து அளந்ததில் 20 மில்லி ஆம்பியர். அற்பமாகத் தெரியும், ஆனால் 10 நாளில் 4.8 ஆம்பியர் ஹவர் ஆகிவிடும். அவர் வண்டியில் இருந்ததோ 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி.

இதற்கு ரிலே வேண்டுமா என்று நான் கேட்டேன். “எதுக்கு சார்? கணக்கைப் பாருங்க” என்றார். போனுக்கு 18 வாட்ஸ் கொடுக்கும் சார்ஜர், தனக்குள் வீணாவதையும் சேர்த்து 21 வாட்ஸ்போல இழுக்கும். அது 2 ஆம்பியர்கூட இல்லை. சாவி போட்டால் கரண்ட் வரும் வயர் ஒன்றில், 3 ஆம்பியர் ஊதா நிற ஃபியூஸ் தனியாக வைத்துக் கொடுத்தால் போதும். விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் ரிலே கிட் தலையில் கட்டுகிறார்கள். இந்த மாதிரி சின்ன வேலைக்கு அது வீண்செலவு என்பதே என் எண்ணமும். சார்ஜரோடு விளக்கும் ஹீட்டட் கிரிப்பும் சேரும்போது மட்டும், சாவியால் இயங்கும் ஒரு ரிலேயிலிருந்து தனித்தனி ஃபியூஸோடு பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் வயரிங்குக்கு வெளியே. மத்திய மோட்டார் வாகன விதிகள், பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடுக்கின்றன. ஃபாக் லைட்டையும் தரை நோக்கித் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும். புது வண்டியாக இருந்தால் கம்பெனி வயரை வெட்டுவதற்கு முன் வாரன்டி நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

வேலை முடிந்து எடுத்துச் சென்ற பிறகு, முதல் நீண்ட ராத்திரிப் பயணத்தில் அரை மணி நேரம் விளக்கை எரியவிட்டு ஓட்டி, நிறுத்தி, ஃபியூஸ் ஹோல்டரையும் ரிலே கப்ளரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் லக் சரியாக இறுகவில்லை. ஃபியூஸை மாற்றாமல் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.