மச்சானின் பேச்சும் மருமகனின் மொழிபெயர்ப்பும்

எங்கள் லாத்தாவின் மகளுக்கு இத்தாலியின் பிரெஷா நகரில் நிக்காஹ் நிச்சயமான செய்தி வந்த மறுவாரம், மச்சான் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "மாப்பிள்ளை, மண்டபத்துல நான் அஞ்சு நிமிஷம் பேசணும். தமிழ்லதான் பேசுவேன். நீங்க எழுதித் தாங்க, உங்க மருமகன் இத்தாலியன்ல சொல்லுவான்" என்றார்.

மணமகனின் தந்தை மொராக்கோவைச் சேர்ந்தவர், தாய் இத்தாலியர். விருந்தினரில் ஒரு சாரார் அரபி பேசுவோர், ஒரு சாரார் பிரெஷாவின் கிராமப்புறத்து இத்தாலியர், மீதமுள்ளோர் நம்மூர்க்காரர்கள். மூவருக்கும் பொதுவான மொழி இத்தாலியன் மட்டுமே. மச்சான் அந்நாட்டில் இரும்புப் பட்டறையில் வேலை பார்ப்பவர். இயந்திரத்தின் பெயர்களையும் மேற்பார்வையாளரின் கட்டளைகளையும் அவர் இத்தாலியனில் அறிவார். மகளைக் கட்டிக்கொடுக்கும் நாளில் சொல்ல வேண்டிய சொற்கள் பட்டறையில் கிடைப்பதில்லை.

அங்கே திருமணம் இரு முறை நடக்கிறது. இஸ்லாத்துடன் இத்தாலிய அரசுக்கு உடன்படிக்கை ஏதும் இல்லாததால், பள்ளிவாசலில் நடக்கும் நிக்காஹ் மட்டும் சட்டப்படி செல்லாது. நகர மன்றத்தில் பதிவுத் திருமணம் முன்பே முடிந்திருந்தது. மச்சானின் பேச்சு, நிக்காஹ்வுக்குப் பின் விருந்து மண்டபத்தில்.

பேச்சை நாம் எழுதினோம். பத்தொன்பது வயது மருமகன் அதை இத்தாலியனில் எழுதினான். பிறகு மூன்று வாரம், இஷாவுக்குப் பின் காணொளி அழைப்பில் மூவரும் அமர்ந்து அதைச் சரிபார்த்தோம். கிதாபுகளை வரிக்கு வரி பொருள் சொல்லிக் கொடுக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, இது எளிதான வேலை என்ற எண்ணம் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே அந்த எண்ணம் போயிற்று.

"கடல் கடந்து வந்து, கூலிக்கு உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, இன்று உங்கள் அனைவரின் முன்னிலையில் மகளின் நிக்காஹ்வை நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் எனக்குத் தந்திருக்கிறான்" என்று எழுதியிருந்தோம். தமிழ்க் காதுக்கு இதில் குறையில்லை. ஆனால் தந்தவன் யார், தந்தது என்ன என்பது வாக்கியத்தின் இறுதியில்தான் வெளிப்படுகிறது. இத்தாலியனிலோ செய்தவனும் வினையும் தொடக்கத்திலேயே வந்தாக வேண்டும். ஆகவே மச்சான் முழுவதையும் பேசி முடிக்கும் வரை மருமகன் வாய் திறக்க முடியாது. வாய் திறக்கும்போது முற்பாதி மறந்திருக்கும். ஒத்திகையில் அப்படியே நடந்தது. கடலும் கூலியும் காணாமற் போயின. அந்த வாக்கியத்தை மூன்றாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வினைமுற்றைக் கொடுத்தோம். இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாமல் நிறுத்தி மகனைப் பார்ப்பது என்று மச்சானுக்கு ஒரு விதி வைத்தோம். இருவர் தாளிலும் ஒரே வரிசை எண்கள். ஆறு நிமிடப் பேச்சு இப்படிப் பேசினால் பதின்மூன்று நிமிடமாவதைக் கடிகாரம் காட்டியது. உறவினர் பெயர்ப் பட்டியல் முழுவதையும் அடித்துவிட்டோம். அதில் லாத்தாவுக்கு இன்னும் வருத்தம் உண்டு.

உறவுச் சொற்களில் நாம் அஞ்சியது ஒன்று, நடந்தது வேறொன்று. சம்பந்தி என்ற சொல்லுக்கு வழியே இருக்காது என்று நினைத்திருந்தோம். மணமக்களின் பெற்றோர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதைச் சொல்ல இத்தாலியனில் 'கொன்சுவோச்செரி' என்று ஒரு சொல்லே இருக்கிறதாம். மருமகன் அதைச் சொன்னபோது மச்சானுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விவரிக்க இயலாது. மாறாக, எளிதென நினைத்த சொல் இடறியது. நமக்குச் சகோதரியின் மகனும் மருமகன், மகளின் கணவனும் மருமகன். அவர்களுக்கு மகளின் கணவன் 'ஜெனெரோ'. சகோதரியின் மகனோ 'நிப்போத்தே'. அந்த நிப்போத்தே பேரனுக்கும் ஆகும். "இவள் என் வாப்பாவின் பேத்தி" என்ற வரியை அப்படியே வைத்தால், சிலர் அவளை மச்சானின் வாப்பாவுக்குச் சகோதரர் வழி மகள் என்று கொள்ளக்கூடும். "என் வாப்பா இவளைத் தோளில் சுமந்தார்" என்று மாற்றியதும் குழப்பம் தீர்ந்தது.

மணமகனை விளிக்கும் இடத்தில் ஒரு சிறு சச்சரவு. மகன் எழுதியதில் 'தூ' என்று கேட்டதும் மச்சான் குறுக்கிட்டார். "மாப்பிள்ளைய நீன்னு சொல்றதா?" என்றார். 'லேய்' என்ற மரியாதைச் சொல் இருக்கிறதே என்பது அவர் வாதம். "வாப்பா, அது ஆபீசர்கிட்ட பேசுறது மாதிரி. மருமகன்கிட்ட லேய்னு பேசினா, இவருக்கு நம்ம புடிக்கலையோன்னு நெனப்பாங்க" என்றான் பையன். ஒரு மொழியில் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை இன்னொரு மொழியில் அவரை வாசலில் நிறுத்திவைக்கிறது. தமிழில் நீங்கள், இத்தாலியனில் தூ என்று தீர்ப்பாயிற்று.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய வரிக்கு வருகிறோம்.

மச்சான் லாத்தாவை மணந்தபோது எங்கள் வாப்பாவிடம் கைக்கூலி வாங்கினார். வாப்பா மூன்று மா நஞ்சையை விற்றுக் கொடுத்தார். அன்று நாம் மதரசாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவன், எதுவும் பேசவில்லை. அந்தத் தொகையை மச்சான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் உம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். நிலத்தின் இன்றைய விலை வேறு கதை. மனிதனின் உரிமையைப் பறித்தவன் சபையில் அழுதால் போதாது, பொருளைத் திருப்பியாக வேண்டும் என்பதை நாமே அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தோம். திருப்பிக் கொடுத்த பின்னும் அவருக்கு ஆறவில்லை. மகளின் மணவிழாவில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். பேச்சில் இரு வரிகள் அதற்காக இருந்தன: "மாப்பிள்ளை என் மகளுக்கு மஹர் கொடுத்திருக்கிறார். நான் மணமுடித்தபோது கைக்கூலி வாங்கினேன்."

சரிபார்ப்பதற்கு நாம் கையாண்டது மதரசாப் பழக்கம்தான்: இத்தாலியனில் எழுதியதைத் தாளைப் பார்க்காமல் மீண்டும் தமிழில் சொல்லச் சொல்வது. மருமகன் சொன்னான்: "மாப்பிள்ளை என் மகளுக்குச் சீதனம் கொடுத்தார். நானும் சீதனம் வாங்கினேன்."

இரண்டுக்குமே 'தோத்தே' என்று எழுதியிருக்கிறான். தோத்தே என்பது பெண் வீட்டிலிருந்து வருவது. அதை ஏற்படுத்தும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தம் அங்கே அறிவித்துவிட்டது. ஆயினும் முதியவர்கள் அந்தச் சொல்லை மறக்கவில்லை. கைக்கூலிக்கு அது பொருத்தமே. மஹருக்கு அதைச் சொன்னால் கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறிவிடுவர். மணமகனும் மச்சானும் ஒரே தவற்றைச் செய்தவர்களாக நிற்பர். மஹரை 'தோனோ நுட்சியாலே', அதாவது மணக்கொடை என்று மாற்றி, "கணவன் மனைவிக்குக் கொடுப்பது, அது அவளுக்கே சொந்தம்" என்ற விளக்கத்தையும் சேர்த்தோம். தமிழில் அந்த விளக்கம் தேவையில்லை. இத்தாலியத் தாளில் மட்டும் ஒரு வரி கூடியது.

இறுதி வரியில் இன்னொரு முடிச்சு. "இனி இவள் நம் பிள்ளை" என்று முடித்திருந்தோம். எங்கள் பிள்ளை என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். நம் பிள்ளை என்றால் உள்ளே வந்துவிடுகிறார். அந்த வரியின் உயிரே அதுதான். இத்தாலியனில் இரண்டுக்கும் 'நோய்' என்ற ஒரே சொல். (ஆம், நம் காதில் பிணியாக ஒலிக்கும் அதே ஓசை. மச்சான் ஒவ்வொரு முறையும் சிரித்தார்.) 'நோஸ்ட்ரா' என்று மட்டும் சொன்னால், அவள் இன்னும் தகப்பன் வீட்டுக்கே உரியவள் என்ற பொருளும் வரும், நேர் எதிரான பொருள். ஆகவே "நம் பிள்ளை: என்னுடையவள், உங்களுடையவள்" என்று பிரித்தே எழுத வேண்டியதாயிற்று. 'இன்ஷா அல்லாஹ்'வுக்கு மட்டும் சிரமமே இல்லை. இறைவன் நாடினால் என்ற தொடர் இத்தாலியர் வாயிலும் அன்றாடம் புழங்குவதே.

நிக்காஹ் நாளில் அங்கே நண்பகல், இங்கே மூன்றரை மணி. நமக்குப் பயணம் வாய்க்கவில்லை. உம்மாவை நாற்காலியில் அமர்த்தி, கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மச்சான் விதிகளை மதித்தே பேசினார். இரண்டு வாக்கியம், நிறுத்தம், மகன் முகம். கொன்சுவோச்செரி என்ற சொல்லை மகனுக்கு விடாமல் தாமே சொன்னபோது மண்டபம் கைதட்டியது.

கைக்கூலி வரிக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டார். எழுதாததைப் பேசினார். "என் மாமனார் மூணு மா நெலத்த வித்தாரு. அந்தக் காச நான் எண்ணி வாங்குனேன். அவரு ஒரு வார்த்த பேசல. இன்னைக்கி என் மருமகன் எங்கிட்ட ஒத்தக் காசு கேக்கல. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

மொழிபெயர்ப்பவன் பேசுபவராகவே நின்று பேச வேண்டும்; 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாமல் 'நான்' என்றே சொல்ல வேண்டும்; இதை மருமகனுக்குப் பலமுறை பழக்கியிருந்தோம். "என் மாமனார்" என்பதற்கு அவன் 'மியோ சுவோச்செரோ' என்றிருக்க வேண்டும். சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு அவன் வாயிலிருந்து வந்தது 'மியோ நொன்னோ'. என் பாட்டனார் தம் நிலத்தை விற்றார் என்றான். அடுத்த வாக்கியத்தில் மீண்டும் 'நான்' தகப்பனின் நானாகிவிட்டது. கேட்டவர்களுக்கு யார் எதை வாங்கினார் என்பது ஒரு கணம் குழம்பியிருக்கும். முறைப்படி அது பிழை. வகுப்பில் ஒரு மாணவன் அப்படிச் செய்திருந்தால் திருத்தியிருப்போம். அன்றிரவு அவன் அழைத்து, "மாமா, எங்காவது தப்பா சொன்னேனா?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டோம்.

'மூன்று மா'வை அவன் மொழிபெயர்க்கவே இல்லை. நிலம் என்பதோடு நிறுத்திக்கொண்டான். விருந்தின்போது மணமகனின் இத்தாலியப் பாட்டி அவனிடம் வந்து, எவ்வளவு நிலம் என்று கேட்டாராம். அவன் நமக்குச் செய்தி அனுப்பினான். மூன்று மா ஓர் ஏக்கர், ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் என்று பதில் எழுதினோம். உழவர் குடும்பத்தில் பிறந்த அந்த மூதாட்டிக்குச் சதுர மீட்டர் திருப்தி தரவில்லை. பிரெஷா வட்டாரத்தில் நிலத்தை அளக்கப் 'பியோ' என்ற பழைய அளவு உண்டு. 3,255 சதுர மீட்டர் ஒரு பியோ. சற்று நேரம் விரல்விட்டுக் கணக்குப் போட்டவர், "ஒன்றேகால் பியோவுக்குக் கொஞ்சம் குறைவு" என்று சொல்லிவிட்டு, மச்சான் அமர்ந்திருந்த மேசைக்குப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாராம்.