லோகோ சுத்தி முடியுறதுக்குள்ள ஆள் போயிடுது

எங்க பீடத்து நண்பன் ஒருத்தன் தெமோதர லூப் பற்றி யூடியூபில ஒரு வீடியோ போட்டான். முதல் 9 செக்கன் லோகோ சுழலுது. பிறகு வணக்கம், சேனல் பெயர், "சப்ஸ்கிரைப் பண்ணுங்க". ரயில் கண்ணில படும்போது 35 செக்கன் போயிடுச்சு.

ஸ்டூடியோவில ஆடியன்ஸ் ரிடென்ஷன் கோட்டை ரெண்டு பேரும் பார்த்தோம். எந்த வீடியோவிலும் ஆரம்பத்தில கோடு கொஞ்சம் இறங்கும். இதுல லோகோவிலயே செங்குத்தா விழுந்து, ரயில் வந்த இடத்தில சின்னதா ஏறி, பிறகு சமமா போகுது. அந்த ஏற்றம், முன்பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தவங்க. அதாவது விஷயம் நல்லாத்தான் இருக்கு, வாசல்லதான் தடங்கல். தலைப்பைப் பார்த்து ரயிலுக்காக வந்த ஆளுக்கு லோகோ எந்தப் பதிலும் சொல்லல. தோட்டத்தில ரீலோட் போட்டுப் பார்க்கிறவங்க அதுக்காகக் காத்திருக்க மாட்டாங்க.

இப்படித் தொடங்கலாம்: ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புது. அடுத்த காட்சியில அதே ரயில் அதே ஸ்டேஷனுக்கு அடியில உள்ள சுரங்கத்துக்குள்ள நுழையுது. குரல்: "இது எப்படி?" மலை இறக்கத்தைக் குறைக்கப் பாதை வளைஞ்சு வருதுன்னு உடனே சொல்லத் தொடங்கணும். பதிலை இழுத்தா, விழுற இடம் மட்டும்தான் பின்னால தள்ளிப்போகும். லோகோ அதுக்குப் பிறகு 2 செக்கன் வந்தா போதும்.

போட்ட வீடியோவையும் ஸ்டூடியோ எடிட்டரில முன்பக்கம் வெட்டலாம். லிங்க் மாறாது, வியூஸும் அப்படியே இருக்கும்.