முதப் போணி

எங்க ஊர்ல பால் சொசைட்டிக்கு எதிர்ல ஒரு சின்ன மளிகைக்கடை இருக்குதுங்க. காலைல அஞ்சரை மணிக்குப் பாலை ஊத்திட்டு, காலி கேனோட அங்க நிக்கறது எங்க எல்லாருக்கும் பழக்கம். தவிடு, புண்ணாக்கு, டீத்தூள், பீடி, தீப்பெட்டி எல்லாம் அங்கதான். கடை திறக்கறதை வருசக்கணக்குல பாத்துட்டு வர்றேன். அதுல ஒரு விசயம் எழுதணும்னு ரொம்ப நாளா நெனப்பு.

கடைக்காரரு வந்ததும் மொதல்ல வாசலைக் கூட்டித் தண்ணி தெளிப்பாரு. அப்புறம் ஷட்டரைத் தூக்கி, வாசப்படியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள காலை வைப்பாரு. கல்லாவுக்கு மேல சின்னப் பலகையில சாமி படமும் ஒரு காமாட்சி விளக்கும் இருக்கு. நேத்து எரிஞ்சு கருகின திரியை எடுத்துட்டு புதுத் திரி போட்டு, நல்லெண்ணெய் ஊத்திப் பத்த வைப்பாரு. ரெண்டு ஊதுபத்தி. வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணிப் புகையும் உண்டு. அந்தப் புகை கல்லாப்பெட்டி, தராசு, அரிசி மூட்டைன்னு கடை முழுக்க ஒரு சுத்து வரும். தராசு இப்ப எலெக்ட்ரானிக் ஆயிடுச்சு, ஆனா அதுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. விளக்கை வாயால ஊதி அணைக்க மாட்டாங்க. எண்ணெய் தீந்து தானா மலையேறணும், இல்லைன்னா திரியை எண்ணெய்க்குள்ள இழுத்து விடுவாங்க.

விளக்கு வைக்கறப்ப யாரும் "அது குடு, இது குடு"ன்னு கேக்க மாட்டோம். சும்மா நிப்போம். அவரு கும்பிட்டு முடிச்சுத் திரும்பி "வாங்கண்ணா"ன்னு சொன்னாத்தான் யாவாரம் ஆரம்பம். அந்த "வாங்க" எல்லாருக்கும் ஒண்ணுதான். "என்ன வேணும்"னு மொதல்ல கேக்கவே மாட்டாரு.

அதுக்கப்புறம் வர்ற மொத யாவாரம்தான் போணி. இதுக்குச் சில கட்டுப்பாடு இருக்கு. போணி ரொக்கமா இருக்கணும், கடன் கூடாது. வெலை பேசக்கூடாது. கிழிஞ்ச நோட்டு ஆகாது. நேத்து வாங்குனதைத் திருப்பிக் குடுக்க வந்தவங்க கொஞ்சம் பொறுக்கணும். கேட்ட சாமான் இல்லைன்னாலும் "இல்லை"ங்கற வார்த்தை வராது. "மத்தியானம் வருதுங்க, இப்ப வேற என்ன தரட்டும்"னு கேப்பாரு. நாம களத்துல நெல் அளக்கறப்ப மொத மரக்காலை "ஒண்ணு"ன்னு எண்ணாம "லாபம்"னு எண்ணறோம் பாருங்க, அதே நெனப்புதான். மொத வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கட்டும்னு.

போணிக் காசை வாங்குனதும் கண்ணுல ஒத்தி, தராசைத் தொட்டு, அப்புறந்தான் கல்லாவுல போடுவாரு. கல்லாவும் காலியா இருக்காது. ராத்திரி பணத்தை எடுத்துட்டுப் போறப்ப ஒரு ரூவாயாவது விட்டு வெச்சிருப்பாரு. தொடைச்சு எடுத்த கல்லாவுல காசு சேராதுன்னு நம்பிக்கை.

இதையெல்லாம் சகுனம்னு மட்டும் சொல்லி ஒதுக்கிட முடியாதுங்க. காலைல நிக்கற எங்கள்ல பாதிப்பேரு நோட்டுல எழுதி வாங்கறவங்கதான். பால் காசு வாரத்துக்கு ஒருக்கா வரும், கூலி சனிக்கெழமை வரும், மஞ்சளோ வாழையோ வித்தாத்தான் எங்களுக்குப் பணம். ஆனா அவருக்குச் சரக்கு போடற வண்டிக்காரன் கையில காசு வாங்காம மூட்டையை இறக்க மாட்டான். மொத ஆளுக்கே நோட்டைத் திறந்தா, அடுத்து நிக்கறவங்களுக்கு மாட்டேன்னு சொல்ல வாய் வராது. மொதக் காசு விழற வரைக்கும் நோட்டு மூடியே இருக்கும்ங்கறது அவரு தனக்குப் போட்டுக்கிட்ட வேலி.

ஆனா அந்த வேலிக்கு வெளிய யாரு நிக்கறாங்கன்னு பாக்கணும்ல. கையில காசு இல்லாதவங்கதான் நிக்கறாங்க. போன தை மாசம் ஒரு நாள், மஞ்சக்காட்டு வேலைக்குப் போற ஒரு ஆத்தா எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னுச்சு. ஆறு மணிக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துரும். அதுக்குள்ள வீட்டுல டீ வெச்சுக் குடுத்துட்டுப் போகணும். அரைக்கிலோ சர்க்கரை, ஒரு டீத்தூள் பொட்டலம், ஒரு தீப்பெட்டி கேட்டுச்சு. எல்லாம் சேத்து 45 ரூவா. "சனிக்கெழமை தர்றஞ் சாமி"ன்னுச்சு.

கடைக்காரரு முகம் சுளிக்கல. "ஆத்தா, ஒத்த ரூவா இருந்தாக் குடு, போணி ஆகட்டும். மிச்சத்தை எழுதிக்கறேன்"னாரு. ஆத்தா சுருக்குப்பையை அவுத்து ஒரு ரூவாயை எடுத்துக் குடுத்துச்சு. அதைக் கண்ணுல ஒத்தி, தராசைத் தொட்டு, கல்லாவுல போட்டுட்டு நோட்டை எடுத்தாரு. மேல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழ வரவு 1, அடுத்து ஆத்தா பேருல 44. கட்டுப்பாடும் மீறல, ஆத்தாளும் வெறுங்கையோட திரும்பல.

அந்த ஒத்த ரூவாயும் இல்லாதவங்க வந்தா, பக்கத்துல நிக்கற யாரையாச்சும் பாத்து "அண்ணா, நீங்க ஒரு தீப்பெட்டி வாங்கிக்கங்க"ம்பாரு. நாங்களும் ரெண்டு ரூவா குடுத்து வாங்கிக்குவோம். எங்க வீட்டுல அடுப்படிப் பலகையில நாலஞ்சு தீப்பெட்டி எப்பவும் கெடக்கறதுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு விதமா நிக்கறவங்களும் இருக்காங்க. கையில காசு இருந்தும் முன்னாடி வராதவங்க. புருசனை இழந்த பொம்பளைங்க வேப்பமரத்தடியில ஒதுங்கி நிப்பாங்க. வேற யாராச்சும் போணி பண்ணினதுக்கு அப்புறம்தான் கடைப்பக்கம் வருவாங்க. அவங்களை யாரும் அங்க நில்லுன்னு சொன்னதில்லை. சின்ன வயசுலருந்து கேட்ட பேச்சு அப்படி நிக்க வெக்குது.

இந்தக் கடையில அது செல்லாதுங்க. கடைக்காரருக்குப் பன்னெண்டு வயசு இருக்கறப்ப அவங்கப்பா போயிட்டாரு. அதுக்கப்புறம் கடை நடத்துனது அவங்கம்மா. இருவது வருசத்துக்கு மேல அந்தக் காமாட்சி விளக்கைப் பத்த வெச்சது அந்தம்மா கைதான், மொதப் போணியை வாங்குனதும் அந்தக் கைதான். அந்த யாவாரத்துலதான் ரெண்டு பொண்ணுகளுக்குக் கல்யாணம் ஆச்சு. அதனால மரத்தடியில யாராச்சும் நிக்கறதைப் பாத்தாருன்னா, விளக்கு வெச்ச கையோட வாசலுக்கு வந்து, "ஏனக்கா அங்க நிக்கற, வந்து போணி பண்ணு"ன்னு சத்தமாவே கூப்பிடுவாரு. மொத தடவை கூப்பிட்டப்ப எங்கள்ல ரெண்டு பேரு மொணகுனாங்க. அன்னைக்கும் மத்த நாள் மாதிரியேதான் யாவாரம் ஆச்சு. இப்ப யாரும் மொணகறதில்லை. ஆனா அந்தக்கா மட்டும் இன்னும் கூப்பிட்டாத்தான் வருது, தானா வர்றதில்லை.

இப்ப கல்லாப் பக்கத்துல க்யூஆர் அட்டையும், பணம் வந்ததும் பேசற ஒரு பெட்டியும் வந்துருச்சு. டவுன்லருந்து லீவுக்கு வந்த பையன் ஒருத்தன் மொத ஆளா வந்து போன்ல 60 ரூவா போட்டான். பெட்டி சத்தமாச் சொல்லுச்சு. கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே, "தம்பி, பணம் வந்துருச்சு, ஆனா கண்ணுல ஒத்திக்க ஒண்ணும் இல்லியே. ஒரு ரூவா காசு இருக்குதா?"ன்னாரு. பையன் பேண்ட்டு ரெண்டு பாக்கெட்டையும் தடவிப் பாத்தான், இல்லை. அந்தக்கா தன் முந்தானை முடிச்சை அவுத்து ஒரு ரூவாயை எடுத்து நீட்டுச்சு.