மாடி அறைக்கு ஒரு வயர்

பேரன் விளையாடும்போது "லேக் அடிக்குது தாத்தா" என்று கத்தினால், வீட்டில் உடனே இணைய கம்பெனிக்குத்தான் திட்டு விழும். மாப்பிள்ளை பிளானைக் கூட்டிவிடலாம் என்பார். நான் தொலைபேசி லைன் வேலை பார்த்தவன். பழுது எந்தப் பக்கம் என்று தெரியாமல் பையிலிருந்து காசை எடுப்பது எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீட்டில் ரவுட்டர் கீழே வாசல் பக்கத்து ஹாலில் இருக்கிறது. பேரனின் அறை மாடியில், பின்பக்கம். நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவர்களும். அவனுடைய கம்ப்யூட்டரில் ரவுட்டரையே பிங் செய்யச் சொன்னேன்:

```
ping 192.168.1.1 -t
```

மூன்று, நான்கு மில்லி செகண்டில் பதில் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நூற்றைம்பது. பிறகு Request timed out. கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுவந்து, ரவுட்டரோடு கூட வந்த குட்டி வயரைச் செருகிப் பார்த்தால் எல்லாமே ஒரு மில்லி செகண்டுக்குள். ஆகப் பழுது வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேதான். பிளானைக் கூட்டினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சினிமா பார்ப்பவனுக்கு வேகம் போதும். அங்கே இடையில் ஒரு நொடி தடங்கினாலும் முன்கூட்டி இறக்கி வைத்தது ஓடும். விளையாட்டில் அப்படிச் சேமித்து வைக்க எதுவும் கிடையாது. அங்கே வேண்டியது சீர்.

முதலில் பக்கத்து வீட்டுத் தம்பி பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்றை இரவல் தந்தார். ஒன்றை ரவுட்டர் அருகே பிளக்கில், இன்னொன்றை மாடியில் செருகினால் வீட்டு கரண்ட் வயரிலேயே டேட்டா போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக்கூடாது, சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும். ஆனால் எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு. ஹால் ஒரு ஃபேஸ், மாடி வேறொன்று. ஒரு ஃபேஸில் ஏறிய சிக்னல் அடுத்ததற்குத் தாவும்போது மெலிந்துவிடுகிறது. ஹாலிலேயே மாடியின் ஃபேஸில் இருக்கும் ஒரு பிளக்கைத் தேடிப்பிடித்து மாற்றியதும் தேறியது. மறுநாள் காலை மகள் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். பிங் எகிறியது. மிக்ஸியை நிறுத்தினால் இறங்கியது. சிங்கிள் ஃபேஸ் வீடாக, வயரிங் புதிதாக இருந்தால் இது ஓடலாம். வாங்குவதானால் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற கடையில் வாங்குங்கள்.

அடுத்த வழி மெஷ். அது வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஏற்றது. சுவரில் துளை போட விடாத வீட்டு ஓனர்கள் இருக்கிறார்களே! இரண்டாவது பெட்டியை நேராக விளையாட்டு அறையில் கொண்டுபோய் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அங்கே சிக்னல் வராததால்தானே பெட்டியே வாங்கினோம்? மாடிப்படித் திருப்பத்தில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஆனாலும் இரண்டு பெட்டிகளுக்கும் இடையே போவது காற்றுதான். மலிவான மெஷ்ஷில், போனோடு பேசும் அதே அலைவரிசையிலேயே பெட்டிகளும் தமக்குள் பேசிக்கொள்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். போனுக்கும் டிவிக்கும் அது தாராளம்.

சொந்த வீடு என்பதால் வயரே இழுத்தோம். முதலில் போகும் வழியில் கயிற்றைப் பிடித்து அளந்தேன்: ஹால் ஜன்னல், வெளிச்சுவர், மழைநீர்க் குழாய் ஓரம், மாடி ஜன்னல், மொத்தம் 32 மீட்டர். ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரை தாங்கும், அதனால் நீளம் ஒரு கவலையே இல்லை. கவலை வயரின் தரம்தான். கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். கடையிலேயே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். வெளிச்சுவரில் போவதால் வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ளதாக வாங்கி, பைப்புக்குள் விட்டோம்.

ஆள் வந்து இரு முனையிலும் கிரிம்ப் செய்துவிட்டுக் கிளம்பத் தயாரானார். இருங்கள் என்று நிறுத்தி, கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீடு பார்க்கச் சொன்னேன். 100/100 என்று காட்டியது. உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நூறுக்கு இரண்டு ஜோடி போதும், ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். எங்கோ ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மாடி முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ததும் 1000/1000 வந்தது. பழையபடி பிங் விட்டுப் பார்த்தோம், மிக்ஸி ஓடும்போதும். ஒரு மில்லி செகண்டைத் தாண்டவில்லை.

இப்போது மகளும் மாடியில் போனுக்கு சிக்னல் கேட்கிறாள். அந்த வயரின் மாடி முனையில் ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டு, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி அதில் மாட்டினால் வேலை முடிந்தது. அதற்கும் புதிய பெட்டி வாங்கலாம் என்கிறார் மாப்பிள்ளை.