ஆண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்த அளவுகோல்

கிழக்கேகோட்டையில் நான் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து சாலைக் கடைவீதிக்கு நடந்தே போய்விடலாம். அங்கே தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தமிழ் வணிகர்களின் பேச்சுதான் என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது அரட்டை கேட்கும் வேலையாகத் தெரியும். ஆண்டு இறுதியில் ஆய்வுக்குழுவின் முன் அமரும்போது எனக்கே சில நேரம் அப்படித் தோன்றியதுண்டு.

முந்தைய ஆண்டின் சனவரியில் நான் எழுதிக்கொடுத்த இலக்குகள் மூன்று: களப்பணியை விரிவுபடுத்துதல், தரவுகளை ஒழுங்குபடுத்துதல், முதல் இயலுக்கான எழுத்துப் பணியைத் தொடங்குதல். திசம்பரில் மூன்றும் நிறைவேறிவிட்டன என்று அறிக்கை அளித்தேன். குழுவில் ஒருவர் மனநிறைவு தெரிவித்தார். மற்றொருவர், களப்பணி போதாது என்றார். இருவர் கூற்றிலும் பொய்யில்லை. ‘விரிவுபடுத்துதல்’ என்பதற்கு எல்லை எதுவும் நான் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அவரவர் மனத்திலிருந்த எல்லையைக் கொண்டு அளந்தார்கள். இரண்டாண்டு முடிவில் இளநிலை உதவித்தொகையை முதுநிலைக்கு உயர்த்தும் மதிப்பீடு அது. முடிவு நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

அந்த நாள்களில் பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். மத்திய அரசுத் துறையொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ திசம்பர்ல வாதாடினது தப்பும்மா. வாதாட வேண்டியது சனவரியில” என்றார். பிறகு, 2009 முதல் சில ஆண்டுகள் மத்திய அமைச்சகங்களில் நடைமுறையில் இருந்த ஆர்.எஃப்.டி. என்னும் ஆவணத்தைப் பற்றி விளக்கினார். விளைவுச் சட்டக ஆவணம் என்று தமிழில் சொல்லலாம்.

அதன் அடிப்படை எளியது. ஒவ்வொரு துறையும் ஆண்டின் தொடக்கத்தில் தன் பணிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுக்கும். எடைகளின் கூட்டுத்தொகை 100. ஒவ்வொரு பணிக்கும் ஓர் அளவீடு உண்டு. அந்த அளவீட்டுக்கு எதிரே 100, 90, 80, 70, 60 என ஐந்து கட்டங்கள். இவ்வளவு செய்தால் மிகச் சிறப்பு, இவ்வளவு செய்தால் மிக நன்று என்று இறங்கி, இவ்வளவுதான் என்றால் மோசம் என்பதுவரை முன்கூட்டியே எண்ணால் நிரப்பிவிட வேண்டும். ஆண்டு இறுதியில் மிஞ்சுவது கணக்கு மட்டும்தான்.

இந்தச் சட்டகத்தை என் ஆய்வுக்குப் பொருத்த முயன்றபோதுதான் அதன் நுட்பம் புரிந்தது. முதல் வரைவில் ஒலிப்பதிவுக்கு 40 எடையும் எழுத்துப்பெயர்ப்புக்கு 20 எடையும் கொடுத்திருந்தேன். மாமா அதைப் பார்த்து, “இதுல எது கஷ்டம்?” என்று மட்டும் கேட்டார். ஒலிப்பதிவு எளிது, கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் மணிக்கணக்கில் சேரும். என் பட்டியலை அப்படியே விட்டிருந்தால், கேட்கப்படாத ஒலிக்கோப்புகளைக் குவித்தே நல்ல மதிப்பெண் பெற்றிருப்பேன். எடைகளை இடம் மாற்றினேன்.

அடுத்த சிக்கல், எவ்வளவு என்பது. ELAN மென்பொருளில் நான் பதிந்துவைத்திருந்த பழைய கோப்புகளை எடுத்து, ஒரு நிமிடப் பேச்சை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறதெனப் பார்த்தேன். ஏறத்தாழ 40 நிமிடம். கடைவீதி இரைச்சலில் வினைமுற்றின் ஈறு விழுங்கப்பட்டுவிடும். தமிழில் ‘வந்தேன்’, ‘வந்தான்’ என்று ஈறு ஆளைக் காட்டும், மலையாளத்தில் காட்டாது. ஆகவே அங்கே ஈறு ஒலித்ததா இல்லையா என்பதே என் ஆய்வுக் கேள்வி. பத்து விநாடித் துண்டை இருபது முறை கேட்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கில் ஐந்து மணி நேரப் பேச்சுக்கு 200 மணி நேர உழைப்பு, அதாவது வாரம் நான்கு மணி வீதம் ஐம்பது வாரம். அதை 90-இன் கட்டத்தில் வைத்தேன். ஆறு மணி நேரம் முடித்தால் 100. நான்குக்கு 80, மூன்றுக்கு 70, இரண்டுக்கு 60. அதற்கும் கீழே சுழியம். இயல்பான உழைப்பு 90-ஐத் தர வேண்டும். 100 என்பது கூடுதலாக எட்டிப் பிடிப்பதற்கு.

இயலுக்கு அளவீடு தேதி. ஆகத்து 31-க்குள் நெறியாளரிடம் தந்தால் 100. ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் ஒரு கட்டம் இறங்கும். கட்டுரைக்கு ‘வெளியாதல்’ என்று எழுதியிருந்ததை ‘அனுப்புதல்’ என மாற்றினேன். ஏற்பதும் மறுப்பதும் இதழின் கையில் இருக்கிறது. என் கையில் இல்லாததற்கு நான் மதிப்பெண் வைத்துக்கொள்ள முடியாது. இந்தப் பட்டியலை நெறியாளரிடம் காட்டிக் கையெழுத்துப் பெற்றேன்.

சென்ற திசம்பரில் கணக்கிட்டேன். எழுத்துப்பெயர்ப்பு நாலரை மணி நேரம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பதால் 85. எடை 40 ஆதலால் 34. ஒலிப்பதிவில் 95, எடை 20-க்கு 19. இயலை நவம்பர் 30 அன்று கொடுத்தேன். 70, எடை 25-க்கு 17.5. கட்டுரை அனுப்பவேயில்லை, எடை 15-க்குச் சுழியம். மொத்தம் 70.5. பெருமைப்படத்தக்க எண் அன்று.

ஆனால் அன்றைய கூட்டம் இருபதே நிமிடத்தில் முடிந்தது. நான் உழைத்தேனா என்று எவரும் கேட்கவில்லை. முன்பு அதிருப்தி தெரிவித்த அதே பேராசிரியர், கட்டுரை ஏன் நின்றது என்று மட்டும் கேட்டார். இயல் தாமதமானதால் நின்றது என்றேன். அப்படியானால் இயலைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தேதி வையுங்கள் என்றார். பயனுள்ள முதல் அறிவுரை அவரிடமிருந்து அன்றுதான் கிடைத்தது.

ஓர் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பேசியவரிடம் மீண்டும் காட்டிச் சரிபார்க்கவில்லை. ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதை நான் வரையறுக்கவில்லை. கூட்டத்தில் நானே இதைச் சொன்னேன். அந்த மணியைக் கழித்தால் எண் 75-க்கு இறங்கும், மொத்தம் 66.5 ஆகும். குழு அந்த எண்ணையே பதிவு செய்துகொண்டது. இந்தச் சனவரியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எழுதி, மொழிபெயர்த்து, பேசியவரிடம் வாசித்துக் காட்டிய நிமிடம் மட்டுமே நிமிடமாகக் கொள்ளப்படும்.

இந்தக் கட்டங்களுக்குள் அடங்காதது ஒன்று உண்டு. அந்த ஈறுகள் ஏன் தேய்கின்றன என்பதற்கு நான் தரப்போகும் விளக்கம் சரியா என்பதை எந்த எடையும் சொல்லாது. அதற்கு எண் வைக்கவும் நான் முயலவில்லை. பட்டியலின் அடியில் தனியாக, ‘குழு வாசித்து விவாதிக்க வேண்டியது’ என்று எழுதியிருக்கிறேன். எண்ணத்தக்கதை எண்ணி முடித்துவிட்டால், திசம்பரில் அதற்கு நேரம் மிஞ்சும்.

புதிய பட்டியலை மாமாவிடம் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்துவிட்டு, “பேசினவர்கிட்ட வாசிச்சுக் காட்டணும்னா நாற்பது நிமிஷம் போதுமா?” என்றார். போதாது. ஐந்து மணி நேரத்தை நாலாகத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்.